ரேஞ்சருக்கு ஒரு புகை கிளாஸ்

எஸ்டேட் பங்களாவில் மது கலக்குபவர் கோபால்சாமி. முதலாளி சந்தனச் சில்லின் புகையைக் கிளாஸில் பிடித்து ரம் கொடுக்கச் சொல்லியிருந்தார். விருந்தாளியோ காட்டிலாகா ரேஞ்சர்.

"திருட்டுக் கட்டைய அவரு மூக்குக்கே காட்டப் போறியா? முதலாளி தப்பிச்சுக்குவாரு, நீதான்யா உள்ள போவே," என்றான் விறகு கொண்டுவந்த சடையன்.

கோபால்சாமி சந்தனத்தை விட்டுவிட்டுக் காய்ந்த புளியமரச் சில்லைக் கனியவைத்து, குளிர்ந்த கிளாஸை அதன்மேல் கவிழ்த்தார். புகை கண்ணாடியில் படிந்ததும் நிமிர்த்தி ரம் ஊற்றினார். பாட்டிலை மூடித் தூரத் தள்ளிவைத்தார். கிழித்த தீக்குச்சியின் மருந்து எரிந்து தீரும்வரை பொறுத்து, அதைக் கிளாஸுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, ஆரஞ்சுத் தோலை அதன்மேல் பிழிந்தார். தோலின் எண்ணெய் பளிச்சென்று எரிய, கருக்கிய சர்க்கரைபோல மணந்தது.

ரேஞ்சர் நெடுநேரம் முகர்ந்தார். "இன்னா கட்டய்யா?"

"புளிங்க."

"மிச்சத்தக் கொண்டா."

கோபால்சாமி மிச்சச் சில்லுகள் இருந்த தட்டை நீட்டினார். ஒரு சில்லை நகத்தால் கீறி மோந்துவிட்டுத்தான் ரேஞ்சர் குடித்தார்.