எழுபத்தைந்து சதவீத நிழல்

போளூரில் நசருல்லாவின் விவசாயக் கடையில் வெண்ணிலாவுக்குப் பாத்தி மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட் எடுப்பது சுலபமாக முடிந்தது. இருபது மைக்ரான் ஷீட்டை நசருல்லா விரலால் இழுத்துக் காட்டினார். அது நூல் பிரிந்தாற்போல் கிழிந்தது. முப்பது மைக்ரான் தாங்கியது.

"இதையே எடுத்துக்கம்மா. வெள்ளிப் பக்கம் மேல வரணும், கறுப்பு மண்ணப் பாத்து இருக்கணும். பூச்சி அண்டாது."

குடமிளகாய்ப் பந்தலுக்கான நிழல்வலையில்தான் சிக்கல் வந்தது. குடகு எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போயிருந்த அவள் புருஷன் தசரதன், போனில் ஸ்பீக்கரைப் போடச் சொன்னான்.

"எது கெட்டியா இருக்குது பாய்?"

"எழுபத்தஞ்சு சதவீதம்தான் நெருக்கமா இருக்கும். ஆனா வெயில்ல முக்காவாசிய அதுவே தடுத்துடும். அலங்காரச் செடிக்குன்னா சரி. கொடமொளகாய்க்கு அம்பதுக்கு மேல போகாதீங்க."

"அம்பதுல ஓட்ட ஓட்டயா இருக்கும். மலைக்காத்துல ஒரு வருசம் தாங்குமா? கெட்டியானதையே வெட்டுங்க."

"நெருக்கம் வேற, உறுதி வேறப்பா. வெயில்ல மக்காம இருக்க யூவி போட்டதான்னுதான் பாக்கணும். இது ரெண்டும் யூவி போட்டதுதான்."

"ஏங்க, பாய் சொல்றத கேளுங்களேன்" என்றாள் வெண்ணிலா.

"உனுக்கு இன்னா தெரியும்? வெட்டச் சொல்லு."

நசருல்லா அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். அளந்து வெட்டிய வலையைத் திரும்ப எடுப்பதில்லை என்று அவர் சொன்ன பிறகும், எழுபத்தைந்துக்கே பணத்தை எண்ணி நீட்டினாள்.

மலைமேல் அவள் ஊரான நெல்லிவாசலில் பந்தல் எழும்பியது. ஷீட்டுக்கடியில் மண் ஈரமாகவே இருந்தது, களை தலைகாட்டவில்லை. செடிகளோ வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்தன. தண்டு மெலிந்தது. பூத்த பூவெல்லாம் வெள்ளிநிற ஷீட்டின் மேல் உதிர்ந்து கிடந்தது. காலையில் அவற்றைப் பெருக்குவது அவளுக்கு வேலையாகிப் போனது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் காலை, பக்கத்துக் கொல்லைக்காரி ஜெயம்மாளைத் துணைக்கு அழைத்து வலையை ஒரேயடியாகச் சுருட்டிவிட்டாள். நிழலிலேயே வளர்ந்த இலைகளுக்குச் சித்திரை வெயில் ஆகவில்லை. மாலைக்குள் நுனிகள் வெள்ளையாக வெந்து தொங்கின.

நசருல்லாவுக்குப் போன் போட்டாள்.

"அய்யோ, கொஞ்சங்கொஞ்சமால்ல பழக்கணும்! காலையில சித்த நேரம், சாயங்காலம் சித்த நேரம் தெறக்கணும். இப்ப திரும்ப மூடும்மா. தேறுறது தேறட்டும்."

"பூவு?"

"கொட்டுனது கொட்டுனதுதாம்மா."

இருட்டுவதற்குள் இருவருமாக வலையை மறுபடி இழுத்துக் கட்டினார்கள். ஜெயம்மாள் போன பிறகும் வெண்ணிலா பந்தலுக்குள்ளேயே நின்றாள். மூடினால் காய்க்காது, திறந்தால் கருகுகிறது. வாடிய செடி ஒன்றை நிமிர்த்திப் பிடித்தாள். கையை எடுத்ததும் அது சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

போன் அடித்தது. தசரதன்தான்.

"காய் புடிச்சிச்சா?"

வெண்ணிலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.