பழைய முகவரிகள் இனி பார்க்கப்பட மாட்டா

வாடிக்கையாளர்களுக்கான கடிதத்தை லோர்னா சொப்சாக்தான் எழுதினாள். எழுதியது இன்னும் அவளை உறுத்திக்கொண்டிருக்கிறது.

மில்வாக்கியில் இருக்கிறது அவளுடைய கம்பெனி. முழங்கால் ஒத்துழைக்காதவர்களை உட்காரவைத்து மாடிக்கு ஏற்றிவிடும் நாற்காலியைப் படிக்கட்டோரம் தண்டவாளம் போட்டு மாட்டித் தருகிறார்கள். ரிப்பேருக்கு ஒன்று, உதிரிப் பாகத்துக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று என்று மூன்று மின்னஞ்சல் முகவரிகள். புதிதாக வந்த மேலாளர் க்ரேக் வாண்டர்லிண்டன் மூன்றையும் மூட்டைகட்டி, ஒரே முகவரி ஆக்கினார். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே கேள்வி மூன்று பெட்டியில் வந்து, மூன்று பேர் மூன்று பதில் போட்ட கூத்தெல்லாம் லோர்னாவே பார்த்திருக்கிறாள்.

"'இந்த மாசம் முடிஞ்சதும் பழைய முகவரிகள் பார்க்கப்பட மாட்டா'ன்னு தெளிவா போட்டுடுங்க" என்றார் க்ரேக்.

"போட்டாச்சு. ஆனா பழசுக்கு வர்றத கொஞ்ச நாளாவது புதுசுக்குத் திருப்பி விடலாமே, க்ரேக்?"

"திருப்பி விட்டா ஒருத்தரும் மாற மாட்டாங்க."

"சரி, அப்போ பெட்டிய மூடிடுங்க. அனுப்பினவங்களுக்குப் போய்ச் சேரலன்னு திரும்பி வந்துடும். இல்ல, முகவரி மாறிடுச்சுன்னு தானா ஒரு பதில் போகட்டும்."

"மூடக் கூடாதுன்னு வக்கீல் சொல்றாரு, பழைய கடிதமெல்லாம் இருக்கணுமாம். தானா பதில் போட்டா அதுவே ஜனங்களுக்குச் சௌகரியமாயிடும். நீங்க ரொம்பச் செல்லம் கொடுக்கிறீங்க லோர்னா."

"யாருக்கெல்லாம் கடிதம் போகுது?"

"வாடிக்கையாளருக்குத்தான். பில் பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும்."

அங்கேதான் கோளாறு. பில் கட்டுவது பிள்ளைகள். நாற்காலியில் ஏறுவது பெற்றவர்கள். ஷிகாகோவிலோ டென்வரிலோ இருக்கிற மகன் கடிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அழித்துவிடுவான். வௌசாவில் இருக்கும் எம்மெட் டோலெஃப்சன் போன்ற கிழவர்தான் ரிப்பேர் முகவரிக்கு எழுதுகிறவர்; அவருக்குப் பதில் போடுவது லோர்னா. மனைவி இங்கிரிடால் ஒரு படிகூட ஏற முடியாது. "டோலெஃப்சன் மாதிரி ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று லோர்னா கேட்டாள். "மகன் சொல்லுவான்" என்றார் க்ரேக். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

கடிதம் போனது. கொஞ்ச நாளில் புகார்கள் பாதியாகக் குறைந்தன. க்ரேக் ஆபீசுக்கு கேக் வாங்கி வந்தார். தலைமையகத்துக்கு அறிக்கையும் பறந்தது. லோர்னாவும் வெட்கமில்லாமல் ஒரு துண்டு தின்றாள்.

மனசு கேட்காமல் ஒரு மதியம் பழைய ரிப்பேர் பெட்டியைத் திறந்தாள். அதைப் பார்க்க அவளுக்கிருந்த அனுமதியைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. திரை முழுக்கத் திறக்காத கடிதங்கள். டோலெஃப்சனுடையது மட்டும் நான்கு.

நாற்காலி விடாமல் பீப் பீப் என்கிறது, இப்போது நகரவே மாட்டேன் என்கிறது, என்ன செய்ய என்று முதல் கடிதம். உங்களுக்கு வேலை அதிகம்போல, காத்திருக்கிறேன் என்று இரண்டாவது. நானே இங்கிரிடைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்று மூன்றாவது. நான்காவதில் ஒரே வரி: "இனி அவசரமில்லை."

லோர்னாவுக்குக் கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது. நாற்காலி தண்டவாளத்தின் கோடியில், சார்ஜ் ஏறும் இடத்தில் சரியாக நிற்காவிட்டால்தான் அப்படிக் கத்தும். அதைச் சட்டை செய்யாமல் விட்டால் பேட்டரி இறங்கிப் படுத்துவிடும். கத்த ஆரம்பித்த அன்றைக்கே பொத்தானை அமுக்கிக் கோடிவரை ஓட்டியிருந்தால் தீர்ந்தது. ஒரு வரிப் பதில்.

க்ரேக்கை இழுத்துவந்து காட்டினாள். அவர் முகம் மாறியது என்னவோ உண்மை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"இதெல்லாம் புது முகவரிக்கு வரலயே லோர்னா. கணக்குல சேராது."

"மனுஷங்க கணக்குல சேருவாங்களா?"

அவள் அவர் முன்னாலேயே டோலெஃப்சனுக்குப் போன் போட்டாள்.

"லோர்னாவா? நீ வேலைய விட்டுப் போயிட்டேன்னு நெனச்சேம்மா" என்றார் கிழவர். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "தூக்கிட்டு ஏறினேன், பாதியில கால் வழுக்கிடுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. அவளுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில இருந்தா, அப்புறம் நிமோனியா. போன வாரம் அடக்கம் பண்ணினோம்."



"முகவரி மாறிடுச்சுன்னு கடிதம் எதுவும் உங்களுக்கு வரலியா?" என்று லோர்னா கேட்டாள்.

"பையனுக்கு வந்துச்சாம். அடக்கத்துக்கு வந்தப்போதான் சொன்னான். அவன் ரொம்ப உடைஞ்சு போயிட்டான், அத விடு. அந்த நாற்காலிக்கு என்னதாம்மா கேடு? ராத்திரியெல்லாம் அதான் யோசனை. நான் ஏதாவது செஞ்சிருக்கலாமா?"

அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வாடிக்கையாளரிடம் பொய் சொன்னதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறவள் அவள்.

"மோட்டார் போயிருச்சு எம்மெட். உங்களால எதுவும் பண்ணியிருக்க முடியாது."

"அப்படியா" என்றார் அவர். நீளமாக மூச்சு விட்டார். "அது போதும்மா. நீ நல்லா இரு."

போனை வைத்தாள். பக்கத்தில் நின்ற க்ரேக், எங்கே உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று இவ்வளவு நேரம் பதறியவர், நிம்மதியாக அவள் தோளைத் தட்டினார்.

"நல்லா சமாளிச்சீங்க லோர்னா. புது முகவரியில ஒரு புகாரா பதிஞ்சு, தீர்ந்ததுன்னு போட்டு மூடிடுங்க."