மேலாளர் போன தூர தேசம்

பொது மேலாளர் பத்து மணிக்கு இரண்டு கண்டங்களில் இருந்தார். ஒன்று, மாடியில் அவருடைய அறை. இன்னொன்று, விமானம் ஏறினாலும் பதினைந்து மணி நேரமாகும் ஒரு தேசம்.

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவளுக்கு அலுவலகத்தில் ‘மெயிலக்கா’ என்றே பெயர். மேலாளர் கணக்கு இந்த இரண்டு இடங்களிலும் திறந்திருப்பதை உள்நுழைவுப் பதிவில் பார்த்தாள். அதற்குக் கீழே இன்னும் மோசம்: மேலாளர் பெட்டியிலிருந்து பதினோரு நிமிடத்தில் எழுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வெளியே பறந்திருந்தன. மனிதர் நாளைக்கு நாலு கடிதம் அனுப்பினாலே பெரிய விஷயம். அந்த நாலையும் டைப்பிஸ்ட்தான் அனுப்புவாள்.

கணக்கைப் பூட்டினாள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் திருடன் உள்ளேயே உட்கார்ந்திருப்பான் என்பதால், திறந்திருந்த எல்லா இணைப்புகளையும் துண்டித்தாள். வரும் பதில்களை யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலைக்குத் தள்ள அவன் போட்டு வைத்திருந்த விதியையும் அழித்தாள். பிறகு மாடிக்குப் போனாள்.

போனுக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பு தொந்தரவாக இருக்கிறதென்று, தனக்கு மட்டும் அதை எடுக்கச் சொன்ன மகான் அவர். கடிதம் கிடைத்தவர்கள் போன் போட்டுக் கேட்டதில், இப்போது கோபத்தில் சிவந்திருந்தார். எதிரே டைப்பிஸ்ட், அழுது முடித்த முகத்தோடு.

“என் பாஸ்வேர்டு இவளுக்கு மட்டும்தான் தெரியும். இவதான் எவனுக்கோ குடுத்திருக்கா. இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பப் போறேன்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மெயிலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“சார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்வேர்டு மாத்தினீங்களா?”

“ஆமா, மாத்தச் சொல்லி சிஸ்டம் கேட்டுச்சு.”

“இவங்ககிட்ட சொன்னீங்களா?”

அவர் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாததால் நேரமானது. “மறந்துட்டேன்.”

“இன்னிக்கு ஒன்பது அஞ்சுக்கு இவங்க மேசையிலேர்ந்து மூணு தடவை தப்பான பாஸ்வேர்டு. அப்புறம் முயற்சியே இல்ல. அந்தத் தேசத்துக்காரன் ஒன்பது அம்பத்திரண்டுக்கு முதல் தடவையிலேயே சரியாப் போட்டிருக்கான். புதுப் பாஸ்வேர்டே தெரியாதவங்க எப்படி சார் சொல்லிக் குடுப்பாங்க? ஒன்பது நாப்பதுக்கு உங்களுக்கு வெளியிலேர்ந்து ஒரு மெயில் வந்திருக்கு. அதுல இருந்த லிங்க்கைத் தொட்டீங்களா?”

“பெட்டி நிறைஞ்சிடுச்சு, பாஸ்வேர்டு போட்டா சரியாயிடும்னு வந்துச்சு. சீக்கிரம் முடிக்கலாம்னு நானே போட்டேன்.”

மன்னிப்பு என்ற சொல் அவர் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. அதற்குப் பதிலாக இருமினார்.

மெயிலக்கா தற்காலிகப் பாஸ்வேர்டு எழுதிய சீட்டை மேசைமேல் வைத்தாள். மேலாளர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், பழக்கதோஷத்தில் டைப்பிஸ்ட் பக்கம் நீட்டினார்.

டைப்பிஸ்ட் அதை வாங்கக் கையை நீட்டவில்லை.

“வேண்டாம் சார்,” என்றாள். “உங்க கடிதத்தை இனிமே நீங்களே அனுப்புங்க.”