பெட்டிச் சின்னம் போட்ட கேமரா

அலுவலகத்தில் அவருக்குக் ‘கறார் சார்’ என்று பெயர். தகவல் பாதுகாப்புத் துறைக்குத் தலைவர். வீடு வேறு, வேலை வேறு என்பதை அவர் வருஷத்துக்கு நான்கு கூட்டங்களில் சொல்வார், கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும்வரை சொல்வார். அவருடைய லேப்டாப்பில் அலுவலகத்துக்கு நீல உலாவி, வீட்டுக்கு ஆரஞ்சு உலாவி. இரண்டு கிளவுட் கணக்கு, இரண்டு பாஸ்வேர்டு. நீலத்தில் திறந்த கோப்பு ஆரஞ்சுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

போனிலும் அப்படித்தான். அலுவலகச் செயலிகள் தனிப் பிரிவில், ஒவ்வொன்றின் மேலும் குட்டிப் பெட்டிச் சின்னத்தோடு இருக்கும். அங்கிருந்து ஒரு படத்தைக்கூடச் சொந்தப் பக்கம் நகர்த்த முடியாது. கேபிள் போட்டும் எடுக்க முடியாது, கிளவுடில் சேமிக்கவும் முடியாது. எல்லாம் சாரே போட்ட பூட்டு.

பதினோரு மாதம் முன்னால் மகள் பிறந்தாள். குடும்பக் குழுவில் குழந்தையின் படத்தைப் போடச் சொல்லி மாமியார் கெஞ்சிப் பார்த்தார். “கண்ட இடத்துல போடுற வழக்கம் எனக்கு இல்ல. எல்லாம் என் போன்ல பத்திரமா இருக்கு” என்று சார் சொல்லிவிட்டார். மனைவியும் அதை நம்பித் தன் போனில் பெரிதாக எதுவும் எடுக்கவில்லை. அத்தனை பத்திரம்.

வியாழக்கிழமை சார் புதுப் போன் வாங்கினார். பழையதிலிருந்து எல்லாம் தானாக மாறியது. கேலரியைத் திறந்தால் மின்சார மீட்டர் படம் இருந்தது, செருப்புக் கடைப் பலகை இருந்தது. மகள் மட்டும் ஒரு படத்தில்கூட இல்லை.

பழைய போனை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சர்வர் அறையில் லேபிள்களைப் படம் எடுக்க, அலுவலகப் பிரிவின் கேமராவை முதல் திரையில் வைத்திருந்தார். அவசரத்துக்குக் கட்டைவிரல் பட்டதெல்லாம் அதன்மேல்தான். எடுத்த படத்தை அதிலேயே திறந்து பார்த்ததால் வித்தியாசமும் தெரியவில்லை. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் பல் எல்லாமே பெட்டிச் சின்னத்துக்குள், சர்வர் லேபிள்களுக்குப் பக்கத்தில், பலத்த பாதுகாப்போடு இருந்தன.

மறுநாள் காலை சிஸ்டம் அட்மினிடம் ஓடினார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பெண், சிரிக்காமல் பேசுவதில் கெட்டிக்காரி.

“புதுப் போனைப் பதிவு பண்ணிட்டீங்க சார். பழைய போன்ல இருக்கிற ஆபீஸ் பிரிவு சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தானா அழிஞ்சிடும். உங்க விதிதான்.”

“அதை நிறுத்தும்மா. அந்தப் பூட்டையும் ஒரு மணி நேரம் எடுத்து விடேன்.”

“ஒருத்தருக்கு மட்டும் தளர்த்தக் கூடாது, தளர்த்தினா எல்லாருக்கும், காரணத்தோட மெயில் போடணும். இதுவும் உங்க விதிதான் சார்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஸ்க்ரீன்ஷாட்டும் தடை. வேணும்னா புதுப் போனால பழைய போனைப் படம் எடுத்துக்குங்க” என்றாள்.

எடுத்தும் பார்த்தார். மகளின் முகத்துக்கு மேல் குழல்விளக்கும் அவருடைய வழுக்கையும் தெரிந்தன. அது மட்டுமல்ல, அவள் முதன்முதலாகச் சிரித்த சத்தம் ஒரு வீடியோவில் இருந்தது. அது போய்விட்டால் வீட்டுக்குப் போய் என்ன முகத்தைக் காட்டுவது? சாருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மானம் மூன்றரை மணிக்குத் தோற்றது. “சொந்தப் படங்களை அலுவலகப் பிரிவில் தவறுதலாகச் சேமித்தவர்கள், இன்று முதல் ஒரு மாதத்துக்குள் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். காரணம்: நானும் அப்படிச் செய்துவிட்டேன்.” முந்நூறு பேருக்கு அனுப்பினார். அட்மின் பூட்டைத் திறந்தாள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் படங்களும் அந்தச் சிரிப்பும் சொந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பதில்கள் குவிந்தன. எச்.ஆர். மேலாளரின் நாய்ப் படங்கள், கணக்குப் பிரிவில் ஒருவரின் கல்யாண வீடியோ. ஊரே கலந்துதான் வைத்திருந்தது. சார் கொஞ்சம் தெம்பாகக்கூட ஆனார். அப்போது வரவேற்பறைப் பெண்ணின் மெயில் வந்தது.

“சார், போன வருஷம் என் போனை மாத்தினப்போ அழிச்சீங்களே, எங்கப்பா ஆஸ்பத்திரியில கடைசியா பேசின வீடியோ. அதுக்கும் இது பொருந்துமா?”

அழிக்க வேண்டாம் என்று கேட்டு அவள் வந்து நின்றது சாருக்கு நினைவிருந்தது. “விதியைப் படிச்சிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுவிட்டு, அவரே பொத்தானை அழுத்தியிருந்தார். அழிந்த பிரிவு எந்த மெயிலுக்கும் திரும்பி வராது.

மெயிலில் பதில் எழுத மனசு வரவில்லை. மூன்று மாடி இறங்கிப் போனார். அவள் யாருக்கோ வருகைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். முடியும்வரை நின்றார்.

“அது வராதும்மா. நான் அன்னைக்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல.”

“வராதுன்னு எனக்கும் தெரியும் சார்” என்றாள் அவள். “நீங்க வந்து சொல்லுவீங்களான்னுதான் பார்த்தேன்.”