சின்ன ரு

சங்கரன்கோவில் கடைத்தெருவில் ஜோன்ஸ் அண்ணன் நடத்தும் ஸ்டுடியோவில் எந்தப் படத்தின் மேல் என்ன எழுத்து கிடந்தாலும் ஜெனிபாவிடம்தான் வரும். ஆதார் நகலில் கன்னத்தின் மேல் விழுந்த ரப்பர் ஸ்டாம்பு, ‘காலை வணக்கம்’ என்று யாரோ நெற்றியில் ஒட்டிய பூ எழுத்து, எல்லாவற்றையும் துடைத்து, அடியில் தோல் இருந்த மாதிரியே ஆக்கிக் கொடுப்பாள். பதினோரு வருடத் தொழில். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லை என்று சொன்னால் அவளே சிரிப்பாள்.

அந்த வாரம் ராயகிரியிலிருந்து ஆறுமுகச்சாமி என்ற விவசாயி வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். மனைவி கோமதித்தாய் இறந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். அந்த அம்மாளுக்குப் படம் எடுத்துக்கொள்வதென்றாலே ஆகாது. ஒரு கல்யாண வீட்டில், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது தங்கை மகன் எடுத்தது ஒன்றுதான் மிச்சம். அதிலும் அவன் ஸ்டேட்டஸ் வைக்கிற ஆசையில் ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் பெரியம்மா’ என்று கரும்பச்சை எழுத்தை முகத்துக்கும் கைக்கும் குறுக்கே ஓட்டியிருந்தான். எடுத்த போன் கிணற்றில் விழுந்துபோனது. ஆக, எழுத்தோடு இருக்கும் அந்தப் படம்தான் கதி.

“எழுத்தை மட்டும் எடுத்துரு தாயி. அவ மூஞ்சி அவ மூஞ்சியாவே இருக்கணும்” என்றார் ஆறுமுகச்சாமி.

“எடுத்திருதேன் அண்ணாச்சி. நாளன்னைக்கு வாங்க.”

முதலில் கம்ப்யூட்டரையே ஒரு தடவை செய்யவிட்டாள். எழுத்தைச் சுற்றி வளைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே நிரப்பிவிடும். நிரப்பியது. கோமதித்தாய்க்கு இருபத்தைந்து வயதுக் கன்னம் வந்திருந்தது, மெழுகு தடவிய மாதிரி. “சவத்தெளவு” என்று திட்டிவிட்டு அதை அழித்தாள்.

அசல் படத்தைத் தொடாமல், அதன் மேல் கண்ணாடித் தாள் மாதிரி வெற்று லேயர் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். எழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் தோலிலிருந்து துளித்துளியாக எடுத்து, எழுத்தின் மேல் வைக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் ஒரே மச்சம் மூன்று இடத்தில் முளைத்து மானத்தை வாங்கிவிடும். எழுத்து மறைத்த கன்னத்துச் சுருக்கத்துக்கு, மறு கன்னத்தைத் திருப்பிப் போட்டு வைத்தாள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்திருந்ததால் அதைக் கொஞ்சம் இருட்டாக்கினாள். கண்ணுக்குக் கீழே தொங்கல், மயிர்க்கால், கடைசியில் போன் படத்துக்கே உரிய பொடிப் பொடிப் புள்ளி. முகம் முடிய ஒரு பகல் முழுக்கப் போனது. முடிந்தபோது அந்த அம்மாள் வாயைத் திறந்து பேசிவிடுவாள் போல இருந்தது.

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஓடிய எழுத்தைத் துடைத்தது கால்மணி நேரம்தான். வாழ்த்து எழுத்துக்கெல்லாம் அடியில் கறுப்பு நிழல் விழுகிற மாதிரி அந்தப் பையன் வைத்திருந்தான். எழுத்தை எடுத்த பிறகும் கையில் பச்சையும் கறுப்புமாகச் சில கறைகள் நின்றன. நிழலின் மிச்சம் என்று அவற்றையும் துடைத்தாள். வழுவழுவென்று ஒரு கை வந்தது.

ஆறுமுகச்சாமி சொன்ன நாளில் வந்தார். லேமினேஷன் போட்ட படத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். “அவதான்” என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஜெனிபாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குள் அவர் விரல் முகத்தை விட்டுக் கீழே இறங்கிக் கையில் நின்றது.

“தாயி, இங்கன ஒண்ணு இருந்துச்சுல்லா?”

“என்னது அண்ணாச்சி?”

“பச்சை குத்தியிருப்பா.” அவர் கூச்சத்தோடு வாசலைப் பார்த்தார். “எம்பேருதான்.”

ஜெனிபாவுக்கு அந்தக் கறைகள் எவை என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. ‘நான்தான் அழித்தேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் பக்கத்தில் ஜோன்ஸ் அண்ணன் நிற்கிறார், பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“அது வாழ்த்து எழுத்துக்கு அடியில போயிட்டு அண்ணாச்சி. படத்துல ஒண்ணுமே தெரியல” என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அவர் உடனே நம்பினார். அதுதான் கொடுமை.

“என் தப்புதான். முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்ல வெக்கமா இருந்துச்சு” என்றார். “அவ எம்பேரை வாயால சொன்னதே கெடையாது. ரேஷன் கடையில, பேங்குல, வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டா கையை நீட்டிருவா. ஆசுபத்திரியிலயும் அப்படித்தான் நீட்டுனா.” படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டார். “நீ என்ன செய்வ, இல்லாததையா கொண்டுவர முடியும்? நல்லாயிரு தாயி.”

அவர் வாழ்த்திவிட்டுப் போனது அடித்துவிட்டுப் போனதைவிட மோசமாக இருந்தது. ஜெனிபா லேயரை மறைத்து அசலைப் பார்த்தாள். ஒண்ணுமே தெரியவில்லையா? இப்போது தேடிப் பார்க்கையில், வாழ்த்து எழுத்துகளின் இடுக்கில் ‘ஆ’ தெரிந்தது. கொஞ்சம் தள்ளி ‘முகச்’ என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகூட வாசிக்கும் அளவுக்குத் தெரிந்தது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுக்கிறவள் அவள். தன்னை நினைக்கவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

அவர் ஊருக்குப் போகும் சிவகிரி பஸ் இன்னும் புறப்படவில்லை. ஜன்னலோரம் படத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கீழே நின்று, மூச்சிரைக்கச் சொன்னாள்:

“அண்ணாச்சி, நான் பொய் சொல்லிட்டேன். பேரு தெரிஞ்சுது. நான்தான் கறைன்னு நெனச்சு அழிச்சேன். கடையில ஆளுக இருந்தாங்கன்னு சொல்லல.”

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் திட்டவில்லை. “இப்பவும் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றதும் இறங்கிவிட்டார்.

கடையில் அவரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். தான் துடைத்த லேயரில் அந்த இடங்களை மட்டும் திறந்துவிட்டாள். ‘ஆ’ வந்தது. ‘முகச்’ வந்தது. நடுவே ஓர் எழுத்தும் கடைசியில் ‘சாமி’யும் வாழ்த்துக்கு அடியில் நிஜமாகவே போயிருந்தன. இருக்கும் எழுத்திலிருந்தே பச்சை நிறத்தை எடுத்து, பழைய பச்சை தோலுக்குள் கசிந்து நிற்கிற மாதிரி ஓரத்தை மங்கலாக்கி, மீதியை எழுதினாள். தோல் வரி எழுத்தின் மேலும் தெரியும்படி விட்டாள்.

“அது அந்தப் பெரிய று இல்ல தாயி” என்றார்.

“உங்க பேருக்கு இதானே அண்ணாச்சி?”

“எம்பேருக்கு இதுதான். அவ கையில சின்ன ரு. பச்சை குத்துனவ தப்பாக் குத்திட்டா. நான் அஞ்சாப்பு படிச்சவன்லா, கல்யாணமான நாள்லயிருந்து கேலி பண்ணுவேன். புருசன் பேரு தெரியாத பொம்பளன்னு.” அவர் சிரித்தார். “‘தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது, அழியாதுல்லா’ம்பா.”

அதைத்தான் ஜெனிபா கால்மணி நேரத்தில் அழித்திருந்தாள். அவர் குத்திக்காட்டவில்லை. திரையில் இருக்கிற கையைப் பார்த்தபடி, மனைவி சொன்னதைச் சொன்னார், அவ்வளவுதான்.

பெரிய று-வை அழித்தாள். சின்ன ரு-வை எழுதினாள். அவர் பக்கம் திரும்பிக் கேட்க அவளுக்கு முகமில்லை. திரையைப் பார்த்தபடியே, “இப்பச் சரியா இருக்கா அண்ணாச்சி?” என்றாள்.

“தப்பாத்தான் இருக்கு” என்றார் ஆறுமுகச்சாமி. “அப்படியே விடு.”