சிறு சிறு தடைகள்

"பேர் வர்ற இடத்துல புள்ளி வச்சுடட்டுமா சார்?" என்று கேட்டாள் கமலாட்சி.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் சபாபதி தலையை நிமிர்த்தாமல் "வை, வை" என்றார். தீபாவளிக்குச் சென்னைக் கடையில் இறக்கிய புதிய சேலை முழுதும் விற்றுப்போயிருந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று எடை குறைத்து, ஒரே பக்கம் கரை வைத்து நெய்த சேலை. 'இளந்தென்றல்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கும் அச்சடித்த நன்றி மடலும் கொடுப்பதாகத் தீர்மானம்.

தட்டச்சு செய்த தாளைக் கமலாட்சி நீட்டினாள்.

"அல்லும் பகலும் அயராது உழைத்து, சிறு சிறு தடைகளைத் தாண்டி, 'இளந்தென்றல்' சேலையால் சங்கத்தின் பெருமையை நிலைநாட்டிய ........ அவர்களுக்கு எங்கள் உளமார்ந்த நன்றி."

"நல்லா இருக்கா?"

"போன வருஷத்துதுதான் சார். சேலை பேர மட்டும் மாத்தி இருக்கறேன்."

"நல்லா இருக்கான்னுதான் கேட்டேன்."

"எழுத்துப் பிழை இல்ல சார்" என்றாள் கமலாட்சி.

அச்சகத்துக்கு ஆள் போவதற்குள் செவிலிமேட்டிலிருந்து கண்ணாயிரம் வந்துவிட்டான். நெய்து முடித்த சேலையை ஒப்படைக்க வந்தவன், மேசை மேலிருந்த தாளை எடுத்து, கூடத்தில் காத்திருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். 'அல்லும் பகலும்' என்று அவன் தொடங்கியதுமே 'அயராது உழைத்து' என்று இரண்டு பேர் சேர்ந்து முடித்தார்கள். சிரிப்பு.

"இன்னாபா சிரிப்பு?" என்றார் சபாபதி.

"ஒண்ணுமில்ல சார். இத பஸ் டிப்போவுக்கு அனுப்பினாக்கூட டிரைவருங்க வாங்கிக்குவாங்க. அவங்களும் அல்லும் பகலும்தான ஓட்டிக்கினு இருக்காங்க."

சபாபதிக்குச் சுள்ளென்று வந்தது. நன்றி சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் அன்று முழுவதும் எழுதினார். சாயங்காலம் கமலாட்சியிடம் கொடுத்தது இரண்டு பக்கம் இருந்தது. அதில் நெசவாளர்கள் 'காஞ்சியின் கலைச்சுடர்கள்' ஆகியிருந்தார்கள். 'பட்டின் பிரம்மாக்கள்' ஆகியிருந்தார்கள். சாயம் போடுகிறவர்கள் 'வானவில்லை வசப்படுத்தியவர்கள்'. தடைகள் மட்டும் அப்படியே சிறு சிறு தடைகளாகவே இருந்தன.

கமலாட்சி படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எங்க அம்மாவும் தறியிலதான் சார் உக்காந்திருக்காங்க. வீட்டுக்குப் போயி, 'பட்டின் பிரம்மாவே, காபி குடு'ன்னு கேக்கட்டுமா?"

"பின்ன என்னதான் எழுதணும்ன்ற? நீயே எழுதேன்!"

"நன்றி சொல்றது நீங்க சார். நான் எழுதினா என் நன்றியாயிடும்."

அதற்கு மேல் அவளோடு பேசிப் பயனில்லை என்று, எல்லோரையும் தானே நேரில் அழைக்கலாமென்று, எழுதிய மடலோடு சைக்கிளை எடுத்தார். முதலில் சாயப்பட்டறை அர்ஜுனன் வீடு. அவர்தான் வயதில் மூத்தவர். அவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது கணக்கு.

அர்ஜுனன் பட்டறையில் செப்பு அண்டாவுக்கு எதிரே நின்று, கம்பில் தொங்கிய பட்டு நூல் கற்றைகளைக் கொதிக்கும் சாயத்தில் திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரை அரக்குச் சிவப்பு. மடலை வாங்கக் கை நீட்டவில்லை.

"படி. கை ஈரமா இருக்குது."

சபாபதி படித்தார். இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். அடுப்புப் புகையில் கண் எரிந்தது.

"சிறு சிறு தடைன்னு எழுதி இருக்கறியே, அது இன்னா தடைபா?"

"பொதுவாச் சொல்றதுதான் அண்ணே."

"பொதுவா சொல்லாத. இன்னா தடை?"

இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். விளம்பரம் பத்திரிகையில் வந்துவிட்டதென்று சென்னைக் கடைக்காரர் அவசரப்படுத்த, சேலையைச் சொன்ன நாளுக்கு முன்பாகவே இறக்க ஒப்புக்கொண்டவர் சபாபதி. கிளிப்பச்சை நூலை இன்னும் அலச வேண்டும், தண்ணீரில் பச்சை இன்னும் இறங்குகிறது, நிழலில் நன்றாக உலர வேண்டும் என்று அர்ஜுனன் சொன்னபோது, "போதும் அண்ணே, குடுங்க" என்று வாங்கிப் போனவரும் அவர்தான். தறி ஏறி நெசவும் பாதிக்கு வந்த பிறகு, ஓட்டிலிருந்து ஒழுகிய மழைத்துளி ஒன்று பச்சையைக் கடுகு மஞ்சள் கரையில் இழுத்துவிட்டது. ஒரு தறியில் தெரிந்ததும் எல்லாத் தறியிலும் துணியை நனைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஓடியது. நீளவாட்டு நூலான பாவை அறுத்துப் போட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

"அத்த விடு" என்றார் அர்ஜுனன். "தாமசத்துக்கு மெட்ராஸ் கடையில இன்னா காரணம் சொன்ன? சாயக்காரன் கெடுத்துட்டான்னு சொன்ன. அங்க சரக்கு எடுத்துக்கினு போன வண்டிக்காரன் வந்து எங்கிட்ட சொல்றான். முப்பது வருஷமா இந்தக் கையில சாயம் ஓடினது கெடையாது. இப்ப நான் வந்து தூக்கு வாங்கிக்கினு போணுமா?"

"அந்த நேரத்துல ஏதோ ஒண்ணு சொல்ல வேண்டியதாப் போச்சு அண்ணே..."

"அப்ப இப்பவும் ஏதோ ஒண்ணு சொல்லிட்டுப் போ. நான் வரல."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார் சபாபதி. ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. கோபம் அர்ஜுனன் மேலா, கமலாட்சி மேலா, கண்ணாயிரம் மேலா என்று அவருக்கே பிடிபடவில்லை. சேலை விற்றது உண்மை. எல்லோரும் உழைத்தது உண்மை. உண்மையைச் சொல்வதற்கு இத்தனை பாடா? நடந்துகொண்டே மனதுக்குள் மடலை மறுபடி சொல்லிப் பார்த்தார். அர்ஜுனனின் சிவந்த கைக்கு அதில் இடமே இல்லை. யாருடைய கைக்கும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதற்காகத்தானே புள்ளி வைத்தோம் என்று நினைத்தபோது முதல் தடவையாகக் கூச்சமாக இருந்தது.

சங்கத் தலைவர் மாணிக்கவாசகத்திடம் போய், மடல் வேண்டாம், நடந்ததைப் பேசிவிடுகிறேன் என்றார்.

"நடந்ததுன்னா?"

"அவசரப்பட்டது நான்தான்றது."

தலைவர் வெற்றிலையை மென்றபடி முறைத்தார். "நன்றி சொல்ற கூட்டத்துல போயி தப்ப ஒத்துக்குவியா? நாளைக்கு ஒவ்வொருத்தனும் தலைமேல ஏறி உக்காருவான். நாலு நல்ல வார்த்த சொல்லு, ஆளுக்கு ஒரு தூக்கு குடு, அனுப்பு. முடிக்கும்போது பொங்கல் ஆர்டர் வந்திருக்குதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"அது வேற நாள் சொல்லலாமே."

"எல்லாரும் கூடி இருக்கும்போது சொல்லாம பின்ன எப்ப சொல்றது?"

ஞாயிறு காலை கூடம் நிரம்பியிருந்தது. தூக்குகள் மேசைமேல் பளபளத்தன. அர்ஜுனனைக் கண்ணாயிரம் எப்படியோ இழுத்து வந்திருந்தான். ஆனால் அவர் உள்ளே வரவில்லை. வாசற்படியில் செருப்போடு நின்றார்.

சபாபதி எழுந்தார். பழக்கத்தில் வாய் "அல்லும்" என்று தொடங்கிவிட்டது. பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். அவர் நிறுத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கிளிப்பச்ச ஓடினது எல்லாருக்கும் தெரியும்" என்றார். "அது சாயத்தோட தப்பில்ல. இன்னும் அலசணும்னு அர்ஜுனன் அண்ணன் சொன்னாரு. நான்தான் பறிச்சுக்கினு போனேன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். சபாபதி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மறுபடியும் மொதல்ல இருந்து சாயம் போடச் சொன்னப்போ அவரு ஒரு வார்த்த என்னைத் திட்டல. திட்டி இருக்கலாம். மழையில தெருவுல பாவு நீட்ட முடியல. கண்ணாயிரம்தான் போயி கல்யாண மண்டபத்துத் தாழ்வாரத்த கேட்டு வாங்கினாரு. அந்தத் தாழ்வாரம் இல்லேன்னா பாவே இல்ல. அப்புறம், அம்சவேணி அம்மா. அறுத்துப் போட்ட பாவுக்குப் பதிலா புதுப் பாவ ஒவ்வொரு இழையா தறியில நின்ன பழைய இழை முனையோட பிணைச்சாங்க. அஞ்சு தறிக்கும்..."

"ஏழு தறி" என்று அம்சவேணி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். பாவு பிணைப்பதில் ஊரில் பெயர் வாங்கியவள். "நான் மட்டும் இல்ல. எங்கூட தில்லையம்மாளும் உக்காந்துச்சு. அது பேரயும் சொல்லு. சொல்றதுதான் சொல்ற, முழுசா சொல்லு."

"ஏழு தறி. தில்லையம்மாளும்" என்றார் சபாபதி. அவர் முகம் சிவந்தது. "எனக்கு அது தெரியாது. தெரிஞ்சு வச்சிருக்கணும்."

அப்புறம் அவருக்குப் பேச்சு தடுமாறியது. விட்டுப்போன பெயர்களைச் சிலர் எடுத்துக் கொடுத்தார்கள். சரிகைக்காரரைச் சொன்னதை ஒருவர் மறுத்தார், அது பற்றிக் கொஞ்சம் வாக்குவாதம்கூட நடந்தது. அழகான பேச்சு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் யாரும் முன்கூட்டியே முடித்துச் சொல்லிச் சிரிக்கவில்லை. கடைசியில், "நீங்க ரெண்டு தடவ செஞ்ச வேலைக்குத்தான் சேல வித்துச்சு. நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் உடனே எழுந்து, "அடுத்து, பொங்கலுக்கு..." என்றார்.

"தலைவரே" என்று சபாபதி அவர் கையைப் பிடித்தார். "அது நாளைக்கு."

"இன்னாயா இது?"

"நாளைக்குப் பேசலாம். இன்னைக்கு இவ்ளோதான்."

தலைவர் கையை உதறிவிட்டு உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் சபாபதியோடு பேசவில்லை. தூக்கு கொடுத்தார்கள், கேசரியும் காபியும் வந்தது. அர்ஜுனன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து காபியை மட்டும் எடுத்துக்கொண்டார். தூக்கைத் தொடவில்லை.

"இங்க சொன்ன, சரி" என்றார். "எனக்குக் கெட்ட பேரு இருக்கறது இங்க இல்லியே. மெட்ராஸ்ல."

சபாபதிக்கு மறுபடி எரிச்சல் வந்தது. இவ்வளவும் செய்து இன்னும் போதவில்லையா?

திங்கட்கிழமை காலையிலேயே சென்னைக் கடைக்காரருக்கு டிரங்க் கால் போட்டார். நெடுநேரம் காத்திருந்த பிறகு இணைப்பு வந்தது. வந்தும் ஒன்றுமே சரியாகக் கேட்கவில்லை.

"சார், அந்தப் பச்ச விஷயம்... சாயக்காரர் தப்பில்ல... ஹலோ? சாயக்காரர்... இல்ல சார், மறுபடி ஓடல! அப்ப ஓடினது... என் தப்பு! என்னது? என்... தப்பு சார்! எ-ன்-னோ-ட த-ப்-பு!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கூடத்தில் பொங்கல் ஆர்டரைப் பற்றிக் கேட்க வந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கதவருகே கூடிவிட்டார்கள். கமலாட்சி தட்டச்சை நிறுத்திவிட்டாள். போனை வைத்த சபாபதி தொண்டை கட்டிப்போய், "என்ன பாக்குறீங்க? வேல இல்லியா?" என்று சத்தம் போட்டார்.

கண்ணாயிரம் அர்ஜுனனுடைய தூக்கை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"நான் கொண்டுபோயி குடுத்துடறேன் சார். இப்ப வாங்கிக்குவாரு" என்றான்.