எண்ணால் ஒன்று, எழுத்தால் ஒன்று

புதிதாக வந்தவளுக்கு வக்கீல் புது நாற்காலி வாங்கிக் கொடுத்த அன்றே அக்காவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. சுழலும் நாற்காலி, முதுகுக்கு வலை வைத்தது. பதினோரு வருஷமாக அந்த ஆபீசில் தட்டச்சு செய்து இடுப்பைத் தேய்த்தவளுக்கு மர நாற்காலி. வந்து நாலு மாதம் ஆகாதவளுக்கு மகாராணி ஆசனம். அக்கா வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், ஆனால் அதை மற்றவர்கள் சொல்லக் கூடாதல்லவா?

ஆபீசில் எல்லோரும் அவளை அக்கா என்றார்கள், அவளைவிட மூத்த பெரிய குமாஸ்தா உட்பட. புதியவளுக்கு அக்கா மனதுக்குள் வைத்திருந்த பெயர் "புதுசு". புதுசு சிரித்தால் பல் தெரிகிறது என்று எரிச்சல், சிரிக்காவிட்டால் திமிர் என்று எரிச்சல். வக்கீலோ அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவள் எழுத்துப் பிழையே விடமாட்டாளாம். கிறுக்கலைக்கூடப் படித்துவிடுவாளாம். அக்கா படித்த கிறுக்கல்களைக் கொட்டினால் இந்த அறை கொள்ளாது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெரிய குமாஸ்தா மாதக் கடைசியில் வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போகிறார். அவர் இடம் யாருக்கு என்று வக்கீல் இன்னும் சொல்லவில்லை. சம்பளம் கூடும், அலமாரிச் சாவி கைக்கு வரும், வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் எழுந்து நின்று பேசுவார்கள். அந்த இடம் தனக்கு வராமல் புதுசுக்குப் போய்விட்டால், மறுநாள் எந்த முகத்தோடு இந்தப் படியேறுவது என்று அக்கா தினமும் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் தையல்காரர் வழக்கு வந்தது. அவர் தன் கடையை ஒருவருக்கு விற்பதாகப் பேசி, முன்பணம் வாங்கிக்கொண்டு, கைப்பட ரசீது எழுதிக் கொடுத்திருந்தார். வியாபாரம் முறிந்தது. பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எவ்வளவு என்பதில்தான் சண்டை. கீழ்க் கோர்ட்டு எதிராளி சொன்ன தொகையைக் கட்டச் சொல்லிவிட்டது. இப்போது அப்பீல். கையெழுத்தில் உள்ள காகிதங்களை எல்லாம் தட்டச்சு செய்து, உண்மை நகல் என்று வக்கீல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வாதம் என்னவென்று வக்கீல் இன்னும் எழுதவில்லை. காகிதக் கட்டு மட்டும் தட்டச்சுக்கு வந்தது.

தட்டச்சு செய்தது புதுசு. ஒப்பிடும்போது ஒருவர் மூலத்தைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க, தட்டச்சு செய்தவர் தன் நகலைப் பார்த்துக்கொண்டே வருவது வழக்கம். படிக்கும் வேலை அக்காவுக்கு. வழக்கமாக அக்கா தொகை வந்தால் இலக்கம் இலக்கமாகப் படிப்பாள். பிறகு எழுத்தில் உள்ளதை ஒவ்வொரு சொல்லாகப் படிப்பாள். ஏனென்றால் எண்ணையும் எழுத்தையும் ஒரே மாதிரி வாசித்தால் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்று அக்காவின் கண் ரசீதில் இல்லை. அந்த வலை முதுகு எவ்வளவு சுகமாகச் சாய்கிறது என்பதில் இருந்தது. 65,000 என்ற எண்ணைப் பார்த்து "அறுபத்தைந்தாயிரம்" என்று வாசித்தாள். அடுத்த வரியில் எழுத்தில் எழுதியிருந்த தொகைக்கும், அதைப் பார்க்காமலே, "அறுபத்தைந்தாயிரம் மட்டும்" என்று வாசித்துவிட்டுத் தேதிக்குப் போனாள்.

"அக்கா, எழுத்துலயும் அதானா?" என்று புதுசு கேட்டாள்.

"பின்ன வேற என்ன இருக்கும்? ரசீது எழுதுறவன் விளையாடுவானா?"

புதுசு பென்சிலை எடுத்துத் தன் தாளில் எதையோ வட்டமிட்டாள். பிறகு திருத்தி அச்செடுத்தாள்.

அடுத்த வாரம் காகிதக் கட்டைத் தைத்துப் பக்க எண் போடும் வேலை அக்காவிடம் வந்தது. தையல்காரர் உள்ளே வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா ரசீதின் ஜெராக்ஸையும் நகலையும் அருகருகே வைத்தாள். ஜெராக்ஸில் எண்ணால் 65,000. எழுத்தால், கோணல் மாணலாக, ஆனால் தெளிவாக, ஐம்பத்தாறாயிரம் மட்டும். புதுசின் நகலிலோ இரண்டும் அறுபத்தைந்தாயிரம்.

அக்காவின் நெஞ்சில் பாலை வார்த்தது போல இருந்தது. பிழையே விடமாட்டாளாம்! மூலத்தில் இருக்கும் பொருத்தமின்மையை அப்படியே எடுப்பதுதான் நகல். அதைத் திருத்த இவள் யார்? தாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டக்கூட மறந்து, உள்ளே போனாள். கட்சிக்காரர் எதிரில் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. எதிரில் சொன்னால்தானே ருசி.

வக்கீல் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. எழுத்தில் உள்ள தொகைதான் செல்லும் என்பதே தையல்காரர் பக்கத்து முழு வாதமும் என்றார். தன் கையெழுத்தோடு இந்த நகல் போயிருந்தால் எதிர்த்தரப்பு இதையே எடுத்துக் காட்டியிருக்கும், நாமே அறுபத்தைந்தை ஒப்புக்கொண்டது போல ஆகியிருக்கும் என்றார். தையல்காரர் விரலில் இருந்த ஊசித் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். ஒன்பதாயிரம் அவருக்குச் சின்னத் தொகை இல்லை.

"இத்தனை வருஷம் இருக்கறதுக்கு இதுதான் அர்த்தம்" என்று வக்கீல் அக்காவைப் பார்த்துச் சொன்னார். பெரிய குமாஸ்தா இடத்துக்கு யார் என்று இனி யோசிக்கவே வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதுசைக் கூப்பிட்டார்கள். அவள் கோப்பைத் திறந்து முதல் அச்சுத் தாளை எடுத்தாள். அக்கா நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். அதில் ஐம்பத்தாறாயிரம் என்றுதான் அடித்திருந்தது. மேலே பென்சில் வட்டம். அன்று அவள் கேட்ட கேள்வியும் தான் சொன்ன பதிலும் அக்காவின் நினைவில் வந்து நின்றன.

புதுசு அந்தத் தாளைக் காட்டவில்லை. கோப்பை மூடினாள்.

"என் தப்புதான் சார். முதல்ல சரியாதான் அடிச்சேன். அப்புறம் ஜெராக்ஸை ஒரு தடவை பார்க்காம திருத்திட்டேன்."

யார் படித்தது என்று அவள் சொல்லவில்லை. அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. வக்கீலின் குரலே இறங்கிவிட்டது. ஒத்துக்கொள்வதற்கு மனசு வேண்டும் என்றார். தையல்காரரும் தலையாட்டி, பாவம், சின்னப் பொண்ணு என்றார்.

அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. இடம் தனக்குக் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வெளியே போனால் போதும். ஆனால் இவள் தன்னைக் காப்பாற்றி, அதற்கு நல்ல பேரும் வாங்கி, அந்தப் பெருந்தன்மையைத் தினமும் காலையில் ஒரு சிரிப்போடு தன் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். அந்தச் சாவியைத் தொடும்போதெல்லாம் இவள் போட்ட பிச்சை என்று கை சுடும்.

"அன்னைக்குப் படிச்சது நான் சார்" என்றாள் அக்கா. "எழுத்தைப் பார்க்காமலே ரெண்டு தடவையும் ஒரே தொகையைப் படிச்சேன். அவ கேட்டா. அதேதான்னு நான் சொன்னேன்."

வக்கீல் நகலைச் சரியாக அடித்து வரும்படி மட்டும் சொன்னார். குமாஸ்தா இடம் பற்றி மறுபடி பேசவில்லை. பேச மாட்டார் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் புதுசு மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்க்கா சொன்னீங்க? நான்தான் ஏத்துக்கிட்டேனே."

"வேலையில நல்ல பேரு, சார்கிட்ட நல்ல பேரு, எல்லாம் உனக்குத்தான்" என்றாள் அக்கா. "இந்தத் தப்பு ஒண்ணையாவது எனக்கு விட்டுக் குடேண்டி."